வேலையை விட்டேன், கார்ட் விடவில்லை

இராஜினாமாக் கடிதம் கொடுத்து, லப்டொப்பையும் அலுவலகத் திறப்பையும் கையளித்து மூன்று மாதம் கழிந்திருந்தது. ஒருநாள் விடியக் காலமை வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். என்ர கிரெடிட் கார்டிலிருந்து 16 டொலர் போயிருந்தது. பழைய அலுவலகத்தின் இணையத்தள டொமைனுக்கான வருடக் கட்டணம்.

தொடங்கேக்க நாங்கள் மூன்று பேர்தான். "தம்பி, இப்ப உன்ர கார்டைப் போடு, மாசக் கடைசியில தாறன்" எண்டார் அண்ணை. காசு தந்தவர்தான். ஆனால் 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியபோது, பற்றுச்சீட்டில் இருந்த பழைய விலைக்கே தந்தார். நானும் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

விலகும்போது கடைசி மாத ஸ்டேட்மென்டைப் பார்த்து மாதச் சந்தாக்களை மட்டும் மாற்றினேன். பிழை அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை போகும் காசு ஒரு மாதக் கணக்கில் தெரியாது. பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டையும் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் கோபத்தில் கார்டை நிறுத்தலாம் எண்டுதான் யோசித்தேன். நல்லவேளை செய்யவில்லை. அடுத்த புதுப்பித்தல் தோற்றால் டொமைன் காலாவதியாகும். இணையத்தளத்தோடு அந்தப் பெயரில் இருக்கும் எல்லா மின்னஞ்சலும் நின்றுவிடும். எச்சரிக்கைக் கடிதங்களோ என்ர சொந்த ஜிமெயிலுக்குத்தான் வரும். வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்கப்போவது என்ர கதிரையில் இப்ப இருக்கும் தங்கச்சி.

அண்ணைக்கு எடுத்தேன். "பாஸ்வேர்டைத் தாவன், நான் பாக்கிறன்" எண்டார். அது போதாது. உள்நுழையும் குறியீடு என்ர போனுக்குத்தான் வரும். கணக்கும் என்ர பெயரில்தான் இருக்கும்.

அதனால் அதே டொமைன் நிறுவனத்தில் அலுவலகத்துக்கு ஒரு புதுக் கணக்குத் திறந்தோம். அதற்கு அலுவலக டொமைன் முகவரியைக் கொடுக்கவில்லை, தனி ஜிமெயில் ஒன்றைக் கொடுத்தோம். டொமைன் செத்தால் அந்த முகவரியும் செத்துவிடும், பிறகு மீட்கும் கடிதம் எங்கே வரும்? குறியீடு அண்ணையின் போனுக்கு வரும்படி செய்து, அவரின் கார்டையும் போட்டோம். பிறகு டொமைனை என்ர கணக்கிலிருந்து அதற்குள் தள்ளினேன். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதெண்டால் உரிமையாளர் விபரம் மாறியதும் 60 நாள் பூட்டு விழக்கூடும். ஒரே நிறுவனத்துக்குள் மாற்றியதால் அந்தக் கரைச்சல் இல்லை.

புதுக் கணக்கில் டொமைன் தெரிகிறதா, தானாகப் புதுப்பிக்கும் வசதி அவரின் கார்டில் ஓடுகிறதா எண்டு பார்த்த பிறகே என்ர கார்டை அழித்தேன். ரசீதுகளையும் இறக்கி அவருக்கு அனுப்பினேன்.

அந்த 16 டொலரை அன்றைய விலைக்கே கேட்டேன். இந்த முறை வெட்கப்படவில்லை. பின்னேரமே போட்டுவிட்டார்.