சடையங்குப்பத்தில் ஒரு திட்டவரைவைப் படித்தபோது

புழல் ஏரியில் உபரிநீர் திறக்கும்போதெல்லாம் அரசு ஒரு வெள்ள எச்சரிக்கை வெளியிடும். நாரவாரிக்குப்பம், வடகரை, புழல், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று ஊர்களை வரிசையாகச் சொல்லிக் கடைசியில் சடையங்குப்பத்தில் வந்து முடியும். பூண்டி ஏரியைத் திறந்தாலும் கொசஸ்தலையாற்றுக் கரை ஊர்களின் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கும். 2011 வரை தனி ஊராட்சியாக இருந்து, சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டு, இன்று மணலி மண்டலத்தில் இருக்கும் ஊர் இது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தாழ்ந்த தெருக்கள், வாசல்தோறும் பிளாஸ்டிக் குடங்கள்.

என் கையில் இருந்தது 34 பக்கத் திட்டவரைவு. ஆர்.ஓ. குடிநீர் நிலையம் ஒன்று, பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பு மையம் ஒன்று, இரண்டு ஆண்டுகள், 48 லட்சம் ரூபாய். தொண்டு நிறுவனம் ஒன்று எழுதி, ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவுக்குக் கொடுத்தது. குழு கூடும் முன்பு அதைச் செலவு, பயனாளிகள், மைல்கற்கள், அறிக்கைக் கடமைகள் என்ற நான்கு கட்டங்களாக ஒரே பக்கத்தில் சுருக்கித் தருவது என் வேலை. இரண்டு தரப்பின் பெயரும் இங்கே வேண்டாம். தொகைகளைத் தோராயமாக்கியிருக்கிறேன்; கணக்கின் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது.

இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வரி எழுதுவேன்: வரைவு சொல்வது, நேரில் கண்டது, பதில் இல்லாதது. சுருக்குகிறவர் தன் ஊகத்தால் மூன்றாவது வரியை நிரப்பிவிட்டால், இல்லாத ஒரு திட்டத்துக்குக் குழு கையெழுத்துப் போடுகிறது என்று பொருள்.

பயனாளிகள்: கூட்டலில் இருந்த கோளாறு

வரைவின்படி நேரடிப் பயனாளிகள் 1,740 பேர். குடிநீருக்கு 400 குடும்பம், வீட்டுக்கு நான்கு பேராக 1,600. படிப்பு மையத்தில் 120 பிள்ளைகள். நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் சுயஉதவிக் குழுப் பெண்கள் 20 பேர். மூன்றையும் கூட்டியிருந்தார்கள். பிள்ளைகளும் பெண்களும் அதே 400 வீட்டுக்காரர்கள்தானே? ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதைக் கழித்தால் 1,600தான் மிஞ்சுகிறது.

அந்த 400 எங்கிருந்து வந்தது என்று பார்க்க அங்கன்வாடிக்குப் போனேன். தெருவாரியாகக் குடும்பங்களை எழுதிவைக்கும் பதிவேடு அங்கே இருக்கும். பயனாளி எண்ணிக்கையைச் சரிபார்க்க அதைவிட நல்ல ஆவணம் உள்ளூரில் கிடைக்காது.

“டீச்சர், இந்த இடத்துல நிலையம் வந்தா எந்தெந்தத் தெருக்காரங்க வந்து தண்ணி பிடிப்பாங்க?”

“இந்தப் பக்கம் இருக்கிறவங்க வருவாங்க சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க வரமாட்டாங்க. குடத்தத் தூக்கிட்டு லாரிக்கு நடுவுல யாரு வருவா? அவங்க கேன் தண்ணிதான் வாங்குறாங்க.”

சாலைக்கு இந்தப் பக்கம் பதிவேட்டில் இருந்தவை 260 குடும்பங்கள். அதனால் என் பக்கத்தில் இப்படி எழுதினேன்: வரைவு சொல்வது 400 குடும்பம், நடந்து வரக்கூடியவை 260, மீதி 140 குடும்பங்களுக்குத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேரும் என்பதற்குப் பதில் இல்லை. வரைவில் இருந்த ‘மறைமுகப் பயனாளிகள் 10,000’ என்ற வரியை எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிப் பார்க்க வழியில்லாத எண் குழுவின் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பயனாளி எண் சரியானால்தான் இயந்திரத்தின் அளவையும் சோதிக்க முடியும். வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர் என்றால் 260 வீட்டுக்கு 5,200 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் தரும் இயந்திரம் ஐந்தரை மணி நேரம் ஓடினால் போதும். ஆனால் இப்படிப்பட்ட சிறிய ஆர்.ஓ. நிலையத்தில் உள்ளே போகும் நீரில் ஏறத்தாழ பாதிதான் குடிநீராகும். மற்றது உப்புச் செறிந்த கழிவாக வெளியேறும். அப்படியானால் தினமும் 5,000 லிட்டருக்கு மேல் உப்புநீர். அது எங்கே போகும் என்று 34 பக்கத்திலும் ஒரு வரி இல்லை. இடத்தைப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தது ஒரு திறந்த பள்ளம், அதையொட்டி வீடுகள்.

செலவு: மூன்று பையில் பிரித்தால் தெரிவது

செலவுப் பட்டியல் நான்கு பக்கம் இருந்தது. அதை முதலீடு, நடத்தும் செலவு, நிர்வாகம் என்று பிரித்தேன். கட்டடம், இயந்திரம், ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு சேர்ந்து முதலீடு 23 லட்சம். ஆசிரியர், இயந்திரம் இயக்குபவர், ஃபில்டர் மாற்றுவது என நடத்தும் செலவு 15 லட்சம். ஒருங்கிணைப்பாளரும் கணக்கரும் 6 லட்சம். திறப்பு விழா, பெயர்ப்பலகை, வீடியோ ஒன்றரை லட்சம். எதிர்பாராத செலவு இரண்டரை லட்சம். கூட்டினால் 48 லட்சம் சரியாக வருகிறது.

ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தைப் பார்த்ததும் ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டுகிறது’ என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. சி.எஸ்.ஆர். விதிகளில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவைப் பொதுவாக நடத்த ஆகும் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நிறைவேற்றவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஆகவே அந்த 6 லட்சம் விதிமீறல் இல்லை. நியாயமான தொகையா என்று மட்டும் குழு பார்க்கலாம்.

உண்மையான ஓட்டைகள் இரண்டு. முதலாவது, 23 லட்சத்தில் உருவாகும் சொத்து யாருடையது? 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதியின்படி, சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்க முடியாது. பதிவுபெற்ற தொண்டு அமைப்பு, பயனாளிகளின் குழு, அரசு அமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்க வேண்டும். இடம் மாநகராட்சியுடையது என்று வரைவு சொல்கிறது. தடையில்லாச் சான்று இணைக்கப்படவில்லை. இரண்டாவது, மின் இணைப்புக்குப் பணம் போட்டவர்கள் மாதாமாதம் வரும் கரண்ட் பில்லுக்குப் போடவில்லை. இரண்டு ஆண்டு முடிந்ததும் இயக்குபவரின் சம்பளமும் நிற்கும். அதற்குப் பின் ஒரு குடம் என்ன விலை, அந்தக் காசை யார் வசூலிப்பார்கள் என்பது வெறுமையாக இருக்கிறது.

தொகையை நிதியாண்டுவாரியாகப் பிரித்தும் கொடுக்க வேண்டும். வரைவு 48 லட்சத்தையும் முதல் ஆண்டிலேயே கேட்டது. வேலையைப் பார்த்தால் முதல் ஆண்டுக்குத் தேவை 36.25 லட்சம், இரண்டாம் ஆண்டுக்கு 11.75 லட்சம். தொண்டு நிறுவனத்தின் கணக்குக்குப் பணத்தை மாற்றிவிட்டாலே கம்பெனி செலவு செய்ததாக ஆகிவிடாது. அது திட்டத்தில் பயன்பட்டால்தான் செலவு. தொடர் திட்டமாக இருந்தால், மார்ச் 31-இல் மிஞ்சியதை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். எனவே இந்தப் பிரிவினை, குழு கட்டாயம் பார்க்க வேண்டிய எண்.

மைல்கற்கள்: சுவரில் இருந்த கோடு

வரைவின் முதல் மைல்கல் ‘அக்டோபர்–நவம்பர்: அடித்தளப் பணி’. இரண்டாவது ‘சமூகத்தைத் தயார்ப்படுத்துதல்’. முதலாவது நடக்காது, இரண்டாவது நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மழை மாதங்களில் அடித்தளப் பணி ஏன் நடக்காது என்பதை ஒரு வீட்டுச் சுவர் காட்டியது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில், கீழ்ப்பாதி வெளிறி, அதற்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. “இது வரைக்கும் தண்ணி நின்னுச்சு சார்” என்று அந்த வீட்டு அக்கா கையை வைத்துக் காட்டினார். டேப் வைத்து அளந்தேன்: வீட்டுத் தரையிலிருந்து 3 அடி 4 அங்குலம். நிலையம் வரவிருக்கும் இடமும் அதே மட்டம். வரைபடத்தில் இயந்திர மேடையின் உயரம் 2 அடி. மோட்டாரும் மின் பலகையும் முதல் வெள்ளத்திலேயே மூழ்கும்.

மைல்கல் என்றால் வெளியாள் ஒருவர் வந்து பார்த்து ‘ஆயிற்று’ அல்லது ‘ஆகவில்லை’ என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றோடும் ஒரு தவணைப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த முறையில் நான்கை எழுதிக் குழுவுக்கு யோசனையாக வைத்தேன். ஒன்று, மாநகராட்சியின் தடையில்லாச் சான்றும், 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர்ச் சட்டப்படி குடிநீர் வாரியத்தின் அனுமதியும் கையில் வருவது. இரண்டு, வெள்ளக் கோட்டுக்கு ஓர் அடி மேலே மேடை எழும்பி, செப்டம்பருக்குள் கட்டுமானம் முடிவது. மூன்று, நிலையத்து நீர் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-இன்படி ஆய்வகச் சான்று பெறுவது; அதில் கரைந்த உப்புகளுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். நான்கு, 200 குடும்பங்களாவது தொடர்ந்து மூன்று மாதம் தண்ணீர் பிடித்ததை அட்டைப் பதிவு காட்டுவது. இவை வரைவில் இல்லாதவை, என் யோசனை என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிட்டேன்.

அறிக்கைக் கடமைகள்: யார், யாருக்கு, எந்தத் தேதிக்குள்

இடைக்கால அறிக்கைகளைப் பற்றி வரைவு ‘காலாண்டு அறிக்கை அளிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்கிறது. நிறைவேற்றும் அமைப்புக்குச் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு எண் இருக்க வேண்டும்; அது முதல் பக்கத்தில் இருக்கிறது. காலாண்டுதோறும் பணி அறிக்கை, நீர்ப் பரிசோதனை முடிவு, செலவுக் கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றாக வர வேண்டும். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கையெழுத்திட்ட நிதிப் பயன்பாட்டுச் சான்று வேண்டும். கொடுத்த பணம் ஒப்புதல் பெற்ற வேலைக்கே பயன்பட்டது என்று கம்பெனியின் தலைமை நிதி அலுவலர் சான்றளிக்க வேண்டியிருப்பதால், பில்கள் இல்லாத அறிக்கை அவருக்கு உதவாது. மிஞ்சிய பணத்தை மாற்ற ஏப்ரல் 30 கடைசி நாள். ஆகவே தொண்டு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு ஏப்ரல் 10-க்குள் வந்தாக வேண்டும் என்று தேதி போட்டேன். வரைவு 60 நாள் அவகாசம் கேட்டிருந்தது. அதன்படி போனால் மே மாத இறுதியாகிவிடும்.

தாக்க மதிப்பீட்டுக்கும் வரைவு ஓர் உறுதி தந்திருந்தது. சராசரி சி.எஸ்.ஆர். கடப்பாடு 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான் அதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும். 48 லட்சத் திட்டத்துக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. விரும்பினால் செய்யலாம் என்று எழுதினேன்.

பக்கத்தின் அடியில் என் பரிந்துரை இது: படிப்பு மையத்துக்கு இப்போதே ஒப்புதல் தரலாம். குடிநீர் நிலையத்துக்கு, சொத்தின் உரிமையாளர் யார், உப்புநீர் எங்கே போகும், மூன்றாம் ஆண்டு கரண்ட் பில் யார் கட்டுவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகே முதல் தவணையை விடுவிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். குழுக்களில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் முன் வைக்கப்படும் சுருக்கத்தில் ‘பதில் இல்லை’ என்ற வரி ஒன்றுகூட இல்லையென்றால், எழுதியவரை ஒருமுறை அந்த ஊருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.