மொட்டை மாடியில் ஒரு சுடுநீர்த் தாங்கி

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஓர் இளம் கணக்காளர். மனைவி, ஒரு குழந்தை, மூட்டுவாதத்தால் அவதியுறும் தாயார் என்று நால்வர். சென்ற தை மாதத்தில் ஒருநாள் மாலை அவர் கீழே இறங்கி வந்து, தேநீர் அருந்தி முடிக்கும் வரை ஊர்க்கதை பேசிவிட்டு, எழுந்து நின்றுகொண்டு விடயத்தைச் சொன்னார்.

“ஐயா, மொட்டை மாடியிலை சோலார் ஹீற்றர் ஒண்டு பூட்ட யோசிக்கிறன். செலவு முழுக்க என்ரை. நாங்கள் வீடு மாறேக்கை அதை உங்களுக்கு விட்டிட்டும் போகலாம், கழட்டிக்கொண்டும் போகலாம். நீங்கள் சொல்லுறபடி.”

கேட்பதற்கு இதைவிட நியாயமான கோரிக்கை இருக்க முடியாது. ஆயினும் நான் உடனே ‘ஓம்’ சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே மாடியில் ஒருவர் தொலைக்காட்சி அன்ரனா நடுவதற்காகக் கொங்கிறீட்டில் நான்கு துளைகள் போட்டார். அவர் அன்ரனாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். துளைகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் எங்கள் படுக்கையறைக் கூரை கசிந்தது.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பத்திரிகைக்காரனுக்கு ஒரு விடயம் கிடைத்தால் நாலு பேரிடம் விசாரிக்காமல் இருக்க முடியாது. குழாய் வேலை செய்யும் பழைய நண்பர் ஒருவரை அழைத்து மாடிக்குக் கூட்டிச் சென்றேன்.

அவர் முதலில் கேட்டது பாரத்தைப் பற்றி. இருநூறு லீற்றர் தாங்கியும் இருபது கண்ணாடிக் குழாய்களும் கொண்ட ஒரு தொகுதி, நீர் நிரம்பினால் ஏறக்குறைய 300 கிலோவாகும். அதை அறையின் நடுவே வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் கோட்டின்மேல் கால்களை நிறுத்த வேண்டும். கொங்கிறீட்டில் துளையிடத் தேவையில்லை. சட்டத்தின் கால்களைக் கனமான கொங்கிறீட் கட்டைகளில் பூட்டி, கட்டைகளை மாடியில் வெறுமனே இருத்திவிடலாம். அன்ரனாக் கவலை அத்துடன் தீர்ந்தது.

அடுத்தது உயரம். இந்த வகைத் தொகுதிக்கு மோட்டார் கிடையாது. குழாயில் சூடான நீர் தானே மேலேறித் தாங்கிக்குள் போகும், குளிர்ந்த நீர் கீழிறங்கும். ஆனால் அதற்கு நீர் கொடுக்கும் பழைய தாங்கியின் அடி, சுடுநீர்த் தாங்கியின் உச்சிக்கு மேலே இருந்தால்தான் அது முழுவதும் நிரம்பும். எங்கள் தண்ணீர்த் தாங்கி நாலரை அடிப் பீடத்தில் நிற்கிறது. கடைகளில் கிடைக்கும் சட்டங்கள் பலவும் குளிர்நாடுகளுக்காகச் செங்குத்தாகச் சாய்த்துச் செய்யப்பட்டவை. அவற்றில் தாங்கி பீடத்தையும் விஞ்சி நிற்கும். கொழும்பு இருப்பது வட அகலாங்கு ஏழு பாகையில். சித்திரை பிறப்பதற்குச் சற்று முன் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து, ஆவணி வரை மதியத்தில் வடக்குப் பக்கமாகவே நிற்கிறான். ஆகவே எங்களுக்கு வேண்டியது தாழ்ந்த சாய்வு. அப்படியான சட்டத்தில் தாங்கியும் தாழ்ந்து, எங்கள் பீடத்துக்குக் கீழே அடங்கிவிடும்.

இனிக் ‘கழட்டிக்கொண்டு போவது’. நண்பர் சிரித்தார். மேலே உள்ள தாங்கியையும் சட்டத்தையும் கழற்றலாம். கண்ணாடிக் குழாய்கள் தாங்கியுடன் சேரும் இடத்தில் இறப்பர் வளையங்கள் உண்டு. சில ஆண்டு வெயிலில் அவை இறுகிவிடும். இழுக்கும்போது இரண்டு மூன்று குழாயாவது உடையும். உடையாதவற்றிலும் அடிநுனியைப் பார்க்க வேண்டும். அங்கே கண்ணாடிபோல் வெள்ளிப்பூச்சு மின்னினால் குழாய் நல்லது. பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளிருந்த வெற்றிடம் போய்விட்டது, அது இனிச் சூட்டைப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடியிலிருந்து குளியலறைவரை சுவருக்குள் இறங்கும் சுடுநீர்க் குழாயை யாரும் கழற்ற முடியாது. சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும் என்பதால் அதற்கென்றே விலைகூடிய குழாய் போட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தூரம் பதினெட்டு மீற்றர். காலையில் முதல் இரண்டு லீற்றருக்கு மேல் குளிர்ந்த நீர் வந்த பின்புதான் சுடுநீர் வரும்.

‘விட்டுப் போவது’ மட்டும் இனாமா? ஆறு வருடம் கடற்காற்றுப் பட்ட தாங்கி ஒழுகத் தொடங்கினால் திருத்துவது நான்.

இவ்வளவும் அறிந்தபின் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அவர்கள் நால்வரும் நாளொன்றுக்கு நூறு லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடாக்குகிறார்கள் என்று வைத்தால், ஏறக்குறைய இரண்டு அலகு மின்சாரம். மாதத்துக்கு அறுபது அலகு. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய காலத்தில் எத்தனையோ வீடுகளில் சுடுநீரை நிறுத்தினார்கள். பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் நம் நாட்டில் கடைசியாகச் செலவாகும் அலகுகளுக்கே கூடிய விலை. மீதமாகும் அறுபதும் அந்தக் கடைசி அலகுகள்தாம். அப்படியிருந்தும் எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் போட்ட முதல் திரும்ப நாலைந்து வருடம் ஆகும்.

எங்கள் ஒப்பந்தத்தில் மீதி இருந்ததோ பதினான்கு மாதம்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கணக்காளரான பிள்ளைக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாமலா இருக்கும்? விட்டுப் போனால் நட்டம், கழற்றிப் போனால் பாதி நட்டம். அவர் கேட்டது சுடுநீர் அல்ல. தாயாரை இன்னொரு வீட்டுப் படியேற்றாமல் ஐந்து வருடம் இருக்கலாமா என்பதை. அதை நேரே கேட்க நாணி, மாடியைக் கேட்டார்.

எனக்கு வயது எழுபத்துநாலு. ரொறன்ரோவிலிருக்கும் மகன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், வீட்டை விற்றுவிட்டு வரும்படி வற்புறுத்துகிறான். ஐந்து வருடத்துக்கு வீட்டைக் கட்டிப்போடுவதென்றால் நானும் ஐந்து வருடம் இங்கே இருப்பேன் என்று ஒப்பமிடுவதாகும். மனைவி தனக்குள் பேசுவதுபோல், “அந்த மனிசி காலமை எழும்பினால் விரல் மடக்க ஏலாமல் இருக்கிறதை நான் பாக்கிறனான்” என்றாள். 1983 ஆடியில் நாங்கள் இதே வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டைவிட்டு ஓடியபோது, சுவரில் நானே அடித்த புத்தகத் தட்டுகளை அப்படியே விட்டுவந்ததையும் அவள் நினைத்திருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவரை அழைத்தேன். “தம்பி, ஹீற்றருக்கு முதல் ஒப்பந்தத்தைப் பேசுவம்” என்றேன். அவர் முகம் சிவந்தது.

கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு நொத்தாரிசு உறுதி வேண்டும். அத்துடன், நம் பொதுச்சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில், கட்டடத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது கட்டடத்தின் சொந்தக்காரனுக்கே போய்ச் சேரும். எனவே எது யாருடையது என்று உறுதியிலேயே எழுதுவித்தோம். சுவருக்குள் இருக்கும் குழாய் வீட்டுக்குரியது. அதன் செலவு என்னுடையது. மாடியில் நிற்பது அவருடையது, திருத்தமும் அவருடையது. போகும்போது அது நன்றாக வேலை செய்தால், கழற்ற முதல் என்னிடம் விலை கேட்க வேண்டும். கழற்றினால் குழாய் வாய்களை மூடி, கட்டைகளையும் கீழிறக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் நான் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குபவர் அவரை வைத்திருக்கச் சம்மதியாவிட்டால், மீதிக் காலத்துக்கு ஏற்ற பங்கை நான் கொடுப்பேன். இந்தக் கடைசி வரியை எழுதுவித்தது மனைவி.

மாசியில் பூட்டினார்கள். பூட்டியவர்கள் விடியற்காலையிலேயே வந்து நீர் நிரப்பினார்கள். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் குளிர்நீர் பட்டால் வெடித்துவிடுமாம். மகனிடம் இன்னும் முழுக் கதையையும் சொல்லவில்லை. மாடியில் ஹீற்றர் பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். “எத்தனை வருடத்துக்கு?” என்று கேட்டான். அவனும் கணக்காளன்தான்.