எட்டு நிமிடத்தில் ஓர் ஆண்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் ஒரே கேள்விதான் வரும்: "இந்த வருசப் படம் ரெடியா?" ஆண்டு முழுவதும் எல்லாரும் எடுத்த படங்களையும் காணொளித் துண்டுகளையும் சேர்த்து ஒரு குறும்படமாக்கி, 31ஆம் தேதி இரவு கிள்ளானில் அம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுவது என் வேலை. ஐந்தாவது ஆண்டாகச் செய்கிறேன். 2025ஆம் ஆண்டின் படத்தைப்போல எதுவும் என்னை இவ்வளவு யோசிக்க வைத்ததில்லை.

வேலையின் பெரும்பகுதி வெட்டுவதும் ஒட்டுவதும் அல்ல, தேதி கண்டுபிடிப்பதுதான். அம்மா, அண்ணன், அண்ணி, சித்தி, நான் என ஐந்து கைப்பேசிகள், அதோடு அப்பாவின் பழைய கேமரா. எல்லாவற்றிலுமாக 1,900 கோப்புகள் சேர்ந்தன. கைப்பேசியில் எடுத்த மூலப்படத்துக்குள் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பு பதிந்திருக்கும். அதையே புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், தெளிவும் குறைந்துவிடும். சித்தி அனுப்பிய ஒரு படத்தின் பெயர் IMG-20250403-WA0011.jpg. பார்த்தால் ஏப்ரல் 3. படத்திலோ பத்துமலைப் படிக்கட்டில் காவடிக் கூட்டம்! தைப்பூசம் பிப்ரவரி 11. பெயரில் இருப்பது படம் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த நாள்; சித்தி இரண்டு மாதம் கழித்துத்தான் அனுப்பியிருக்கிறார். அதனால் இப்போதெல்லாம் புலனத்தில் அனுப்பினால் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறேன். அப்படி அனுப்பினால் கோப்பு உள்ளபடியே வரும். சொல்லியும் கேட்காதவர்கள் வீட்டுக்கு நேரில் போய், மடிக்கணினியில் கம்பியைச் செருகி எடுத்துக்கொள்வேன். ஒரு கோப்பை தேத்தண்ணீரும் கிடைக்கும்.

ஜூன் மாதம் திருச்சி போய் வந்த படங்களில் இன்னொரு குழப்பம். வரிசைப்படுத்தினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்கோட்டை ஏறியதாக வந்தது. நாங்கள் ஏறியது காலையில். கைப்பேசிகள் தாமாகவே இந்திய நேரத்துக்கு மாறிக்கொண்டன, அப்பாவின் கேமரா மட்டும் மலேசிய நேரத்திலேயே இருந்திருக்கிறது. அங்கே காலை பத்து என்றால் கேமராவில் பன்னிரண்டரை. உச்சிப்பிள்ளையார் கோயில் வாசலில் நானும் அப்பாவும் ஒரே நொடியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டபோது வித்தியாசம் சரியாக இரண்டரை மணி நேரம். கேமரா படங்கள் அத்தனைக்கும் ஒரே சமயத்தில் அந்த இரண்டரை மணியைக் கழித்தேன். எல்லாம் ஒழுங்காக நின்றன.

அடுத்தது கழித்தல் கணக்கு. எட்டு நிமிடம் என்பது 480 நொடி. ஒரு துண்டுக்குச் சராசரியாக நான்கு நொடி கொடுத்தால் 120 துண்டுகள்தான் கொள்ளும். 1,900இல் 120! மாதத்துக்குப் பத்து என்று சமமாகப் பங்கு போடுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. மார்ச்சில் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று துண்டு போதும். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு ஒரு நிமிடம் முழுதாகவே போனது. அன்றைக்கு மூன்று பேர் கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தார்கள். தொலைக்காட்சியோ அகலமானது. ஒரு செங்குத்துக் காணொளியைத் தனியாகப் போட்டால் இரு பக்கமும் வெற்றிடம். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திரை ஏறக்குறைய முழுதாக நிறைந்துவிடும். ஒரே மத்தாப்பு மூன்று கோணத்தில் எரிந்தது அழகாகத்தான் இருந்தது.

ஆனால், நான் மாட்டிக்கொண்டது பிப்ரவரியில். அந்த மாதம் அண்ணன் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். முதல் நாள் காணொளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 47 நொடி, அண்ணி எடுத்தது. "பையை நேரா மாட்டு… அம்மாவப் பாரு… பயமா இருக்கா?" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிச் சிரிக்கிறாள். ஆகஸ்டில் அண்ணனும் அண்ணியும் பிரிந்துவிட்டார்கள். காரணம் அவர்களுடையது.

"அவ குரல் வேணாம்மா. பத்துப் பேர் பார்ப்பாங்க, ஆளாளுக்குக் கேப்பாங்க" என்றார் அம்மா. செய்து பார்த்தேன். சத்தத்தை நீக்கி மேலே இசையைப் போட்டேன். ஓடவிட்டதும் உடம்பு கூசியது. கேள்வி இல்லை, பதில் மட்டும் இருக்கிறது. பிள்ளை யாருமற்ற வெற்றிடத்தைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிக்கிறாள். அண்ணி சட்டத்துக்குள் ஓர் இடத்தில்கூட வரவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு அவருக்கானது. இதுபோல ஜனவரி முதல் ஜூலை வரை எண்ணிப் பார்த்தால், நான் தேர்ந்தெடுத்ததில் 31 துண்டுகள் அண்ணி எடுத்தவை. யார் நிறையப் படம் எடுக்கிறார்களோ அவர்கள்தான் படத்தில் குறைவாக இருப்பார்கள். அவரை நீக்குவதென்றால் அரை ஆண்டு போய்விடும்.

அண்ணனிடம் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மகளுக்கு அவ அம்மாதானே. எடுத்துடாதே" என்றார். அது பாதி அனுமதிதான். குரலும் முகமும் அண்ணியுடையவை, ஆகவே அவரையும் அழைத்தேன். என்னை எப்போதும்போல "சொல்லும்மா" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "பள்ளிக்கூடத்த வச்சுக்க. திருச்சியும் இருக்கட்டும். ஏப்ரல்ல கல்யாண நாள் சாப்பாடு இருக்குமே, அத மட்டும் விட்டுடு" என்றார். ஏப்ரலில் அந்த இரவைத் தவிர நல்ல துண்டு ஏதும் இல்லை. அம்மா நாசி லெமாக் பொட்டலம் கட்டும் நான்கு நொடியும், புத்தாண்டுக் கோலமும் மட்டும் ஏப்ரலாக நின்றன. பார்ப்பவர்களுக்கு ஏப்ரல் மெலிந்து தெரியும். தெரியட்டும்.

பள்ளிக் காணொளிக்கு மட்டும் நான்கு நொடி விதியைத் தளர்த்தி 15 நொடி கொடுத்தேன். இசையை அங்கே முழுதாக நிறுத்திவிட்டேன். பேச்சு வரும் இடத்தில் இசையைத் தாழ்த்துவது வழக்கம். இங்கே தாழ்த்தினாலும் வார்த்தை அமுங்கியது. அதற்கு முந்தைய துண்டு தைப்பூச உறுமி. அந்தக் காதைப் பிளக்கும் சத்தம் மெல்ல அடங்கும்போதே, படம் மாறுவதற்கு அரை நொடி முன்னால் அண்ணியின் "பையை நேரா மாட்டு" கேட்கும்படி வைத்தேன். குரல் முதலில், முகம் பிறகு. அப்படிச் செய்தால் வெட்டிய இடம் கண்ணை உறுத்தாது.

முழுநீளப் பாட்டொன்றைப் போட்டு எட்டு நிமிடத்தையும் அதன்மேல் ஓட்டுவது எளிது. கல்யாண வீட்டுக் காணொளிகள் அப்படித்தான் வருகின்றன. அதில் யார் குரலும் மிஞ்சுவதில்லை என்பதுதான் எனக்கு அதன்மேல் உள்ள கோபம்.

30ஆம் தேதி இரவு படத்தை ஏற்றுமதி செய்தேன். அம்மா வீட்டுத் தொலைக்காட்சி பழையது, H.265 வகைக் கோப்பைக் கொடுத்தால் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் H.264, 1080p. கோப்பு 600 மெகாபைட் அளவில் வந்தது. விரலியில் ஏற்றித் தொலைக்காட்சியில் செருகி முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்தேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பள்ளிக் காணொளியையும் போடச் சொல்லிக் கேட்டார். முழுவதும் பார்த்துவிட்டு, "பை பெருசா இருக்கு பிள்ளைக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த 47 நொடி மூலக் காணொளியை வெட்டாமல், அண்ணன் மகள் பெயரில் ஒரு கோப்புறையில் தனியாக வைத்தேன். ஒரு பிரதி அண்ணனுக்கு. எட்டு நிமிடப் படத்தை அண்ணிக்கும் புலனத்தில் அனுப்பினேன், ஆவணமாக.