பட்டியலில் மட்டும் பூக்கும் மல்லிகை

போன மாதம் என் தங்கை மகள் ஒரு சென்ட் பாட்டிலோடு வந்தாள். "மாமா, மல்லிகைன்னு போட்டிருக்கான், எனக்கு எலுமிச்சை மாதிரிதான் வருது. டூப்ளிகேட்டா?" என்றாள்.

டூப்ளிகேட் இல்லை. அதில் இருந்தது ஹெடியோன். 1966இல் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா ஓ சோவாஜில் போட்டுப் புகழ்பெற்ற மூலப்பொருள். மல்லிகையின் காற்றோட்டமான பாகம் மட்டும் அதில் உண்டு, கூடவே லேசான எலுமிச்சைச் சாயல். அதைப் போட்டாலும் நோட்ஸ் பட்டியலில் 'மல்லிகை' என்றே எழுதுவார்கள். பட்டியல் விளம்பரப் பிரிவு எழுதுவது. ஃபார்முலா பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒரு கிலோ மல்லிகை அப்சல்யூட்டுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ பூ வேண்டும். அந்தப் பாட்டிலின் விலையைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா?

இதை எனக்குப் புரியவைக்க என் குருவுக்கு ஆறு மாதம் பிடித்தது. தினமும் காலையில் இரண்டு ப்ளாட்டரை நீட்டுவார். ஒன்றில் நம் ஊர் குண்டுமல்லி அப்சல்யூட், இன்னொன்றில் ஹெடியோன், இரண்டும் பத்து சதவீதக் கரைசல். எது பூ என்று நான் எழுதித் தர வேண்டும். சுத்தமாக மணப்பதையே பூ என்று நினைத்துத் தினமும் தப்பாக எழுதினேன். அவர் திட்டவில்லை. ஒருநாள் இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு, "நாளைக்கு வந்து மோந்து பாரு" என்றார். மறுநாள் ஹெடியோன் முந்தின நாள் போலவே லேசாக இருந்தது. மற்றது இரவெல்லாம் தலையில் இருந்து பழுத்த பூ மாதிரி கனத்து, அடியில் அந்துருண்டை நெடியோடு நின்றது. அந்த நெடிதான் இண்டோல். அது துளியும் இல்லாமல் மணந்தால், பூ என்று நம்பி வாங்காதீர்கள்.

குரு எந்த வாசனைக்கும் பெயர் சொல்லவே மாட்டார். "பேரைப் படிச்சுட்டா மூக்கு அதைத்தான் தேடும்" என்பார். இன்றைய விமர்சனங்களைப் படித்தால் அவர் ஞாபகம்தான் வருகிறது. பட்டியலில் இருக்கும் அதே பெயர்கள், அதே வரிசையில். மூக்கை வைத்தார்களா என்றே தெரியவில்லை. "மூன்று மணி நேரம் கழித்துச் சோப்பு மாதிரி ஆனது, வெயிலில் குமட்டியது" என்று எழுதுகிற ஒருவரை நம்பலாம்.

அட்டைப்பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்கும் சென்ட்டில் ஓக்மாஸ் சாறு 0.001 சதவீதத்தைத் தாண்டினால் எவர்னியா புருனாஸ்ட்ரி என்று பெட்டியில் அச்சிட்டாக வேண்டும். பட்டியலில் ஓக்மாஸ் இருந்து பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால், உங்களுக்கு மணப்பது வேறு எதுவோ. ஹெடியோனுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் மல்லிகை விஷயத்தில் பெட்டியை மட்டும் நம்ப முடியாது, ப்ளாட்டரும் ஒரு ராத்திரியும் வேண்டும்.

தங்கை மகளுக்கும் இரண்டு ப்ளாட்டர் கொடுத்தேன், பெயர் எழுதாமல். "நாளைக்கா? ரிவ்யூ பாத்தா இப்பவே தெரிஞ்சுடுமே மாமா" என்று போனை எடுத்தாள். நான் ப்ளாட்டர்களை ஜன்னலோரம் செருகி வைத்துவிட்டேன்.