நான்கு விநாடி கேப்

பர்மாவின் லான்மடாவில் ஒரு மாடி வீட்டில், மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து ஒரு டீச்சரும் எடிட் செய்யும் தம்பியும் ஒலிப்பதிவு செய்கிறார்கள். மின்சாரம் போனால் தெருவில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கிவிடும். பேச்சுக்கு நடுவே அந்தச் சத்தம் அவ்வளவாகத் தெரியாது. பேச்சு நிற்கும் இடத்தில் பளிச்சென்று கேட்கும். இவர்கள் எடுக்கும் தமிழ்ப் பாட வீடியோவுக்கு உயிரே அந்தப் பேச்சு நிற்கும் இடம்தான்.

1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபோது பர்மாவின் தமிழ்ப் பள்ளிகளும் போயின. இன்று பல வீடுகளில் பாட்டி தமிழில் கேட்பார், பேரன் பர்மியத்தில் பதில் சொல்வான். அவனுக்குப் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. ஆகவே காட்டிக்கொண்டே போகும் பாடம் அவனுக்கு உதவாது, அவன் பதில் சொல்ல நடுவில் இடம் விட வேண்டும்.

அன்றைய வாக்கியம் 'எனக்குப் பசிக்குது'. பர்மியத்தில் 'நான்' என்றே தொடங்கலாம் என்பதால், பிள்ளைகள் 'நான் பசிக்குது' என்கிறார்கள். இலக்கணம் சொல்லி இதைத் திருத்த டீச்சர் விரும்பவில்லை. முதலில் பாட்டியும் பேரனும் இயல்பான வேகத்தில் பேசுகிறார்கள். பிறகு டீச்சர் வாக்கியத்தை வாலிலிருந்து கட்டுகிறார்: 'பசிக்குது', அப்புறம் 'எனக்குப் பசிக்குது'. முன்னாலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுகிறார்களாம்.

அடுத்து கேள்வி. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையனின் படம் வருகிறது. "இவன் பாட்டிகிட்ட என்ன சொல்லுவான்?" உடனே கேப்.

"ரெண்டு செகண்டு போதும்ல அக்கா?" என்றார் எடிட் செய்யும் தம்பி.

"போட்டுப் பார்ப்போம், தம்பி."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். டீச்சர் திரையைப் பார்க்கவே இல்லை, அவர்கள் வாயைத்தான் பார்த்தார். விடை ஒலித்த பிறகே எல்லா வாயும் அசைந்தது. "இது எதிரொலி. யாரும் யோசிக்கல" என்றார். நான்கு விநாடியாக நீட்டியதும் ஒரு சிறுமி விடைக்கு முன்பே சொல்லிவிட்டாள். ஆனால் அசையாத படத்தைப் பார்த்து ஒரு பையன், வீடியோ நின்றுவிட்டது என்று போனைத் தட்டினான். அதற்காகத் திரையின் மூலையில் மெல்ல நிரம்பும் ஒரு வட்டத்தைச் சேர்த்தார்கள்.

கற்றதை மறப்பதற்குச் சற்று முன் மறுபடி கேட்க வேண்டும், கேட்கும் இடைவெளியும் வரவர நீள வேண்டும் என்று பால் பிம்ஸ்லர் 1967-இல் எழுதினார். இங்கும் அதே வாக்கியம் வேறு இரண்டு வாக்கியங்கள் கடந்த பின் திரும்பி வருகிறது. இம்முறை படத்தில் வயிற்றைப் பிடித்திருப்பவர் பாட்டி. முன்பு சொன்னதை மனப்பாடமாக ஒப்பித்தவன் 'எனக்கு' என்பான். பிடிபட்டவன் 'பாட்டிக்குப் பசிக்குது' என்பான். என் கணக்கில் இந்த ஒரு கேள்விதான் உண்மையான தேர்வு.

அதில் பாதிப் பிள்ளைகள் தடுமாறினார்கள். டீச்சர் புது வாக்கியங்களைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த பாடத்துக்கு 'தம்பிக்கு', 'அம்மாவுக்கு' என்று படங்கள் வரையச் சொன்னார்.