மாத்திரையை மருந்தாக்கும் கல்லீரல்

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு சேர்த்து நாங்கள் எழுதித் தரும் குளோபிடோகிரெல், விழுங்கும்போது மருந்தே அல்ல. கல்லீரலுக்குப் போய்ச் சேருவதில் ஏறக்குறைய 85 சதவீதத்தை எஸ்டரேஸ் என்ற நொதி உடைத்து வீணாக்கிவிடும். மிஞ்சிய 15 சதவீதம் இரண்டு கட்டங்களாக மாறிய பிறகுதான் செயல்படும் மருந்தாகிறது. அது தட்டணுக்களின் மேலுள்ள பி2ஒய்12 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டால் அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள், விடாது. அந்த இரண்டு கட்டங்களிலும் முக்கியப் பங்கு வகிக்கிறது சிஒய்பி2சி19 என்ற நொதி.

இந்த நொதிக்கான மரபணு எல்லோரிடமும் ஒன்றுபோல் இல்லை. *2 என்ற வகையில் வேலை செய்யும் நொதி உருவாவதில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் *2 ஆக அமைந்தவர்களுக்கு மாத்திரை பெரும்பாலும் வெறும் மாத்திரையாகவே போய்விடுகிறது. இந்த வகை ஐரோப்பியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் கணிசமாக அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே குளோபிடோகிரெலின் மருந்துக் குறிப்பில் இதற்கான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது.

நான் பார்த்த ஒரு அம்மாவுக்கு வயது 58, எடை 52 கிலோ. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குப் போனவர், ஆறாம் நாள் அதே வலியோடு திரும்பினார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. இப்படி நடந்தால் முதல் சந்தேகத்தை மரபணு மேல் போடக்கூடாது. மாத்திரை விட்டுப்போனதா என்று கேட்டேன். மகள் எடுத்துக் காட்டிய அட்டையில் தினம் ஒன்றாகச் சரியாக உடைத்திருந்தது. குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்ததில் ஸ்டென்ட் நன்றாக விரிந்து சுவரோடு ஒட்டியிருந்தது. பையில் இன்னொரு அட்டை இருந்தது: நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிய ஒமிப்ரசோல். அதுவும் இதே 2சி19 நொதியை முடக்கும். அதை நிறுத்தி, பான்டோப்ரசோலுக்கு மாற்றினோம்.

மரபணுச் சோதனைக்கும் அனுப்பினோம்; அதன் முடிவு வரச் சில நாளாகும். உறைந்த ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு அதுவரை காத்திருக்க முடியாது. குளோபிடோகிரெலின் அளவைக் கூட்டலாமே என்று தோன்றும். ஒரு பிரதி மட்டும் *2 உள்ளவர்களுக்கு மும்மடங்கு அளவு ஓரளவு ஈடுகொடுத்தது; இரண்டும் *2 என்றால் நான்கு மடங்கு, அதாவது தினம் 300 மில்லிகிராம் கொடுத்தும் போதவில்லை. ஆகவே மருந்தையே மாற்ற வேண்டும்.

பிராசுகிரெலும் கல்லீரலில்தான் மருந்தாகிறது. ஆனால் 2சி19-ஐ நம்பியிருப்பதில்லை. அதை எழுதுமுன் நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எப்போதாவது கை மரத்து, பேச்சுக் குழறி, கொஞ்ச நேரத்தில் சரியானதா?" பக்கவாதம் வந்ததா என்று கேட்டால் வீட்டார் இல்லை என்றுதான் சொல்வார்கள். இந்த அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்து அரை மணி நேரத்தில் சரியாகியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பிராசுகிரெல் மூளையில் ரத்தக்கசிவை வரவழைக்கக்கூடும், கொடுக்கக்கூடாது. 60 கிலோவுக்குக் குறைந்த எடையும் அதற்கு எதிரான காரணமே.

எஞ்சியது டிகாக்ரெலார். கல்லீரல் மாற்றித் தர வேண்டிய தேவையே இல்லாமல் நேராக வேலை செய்யும். முதலில் 180 மில்லிகிராம், பிறகு காலை, மாலை 90. மூன்றாம் நாள் அந்த அம்மா, "சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு ஒரு மாதிரி வருது டாக்டர்" என்றார். நுரையீரலில் நீர் இல்லை, ஆக்சிஜன் 98, எக்கோவில் மாற்றமில்லை, மல்லாந்து படுத்தாலும் கூடவில்லை. இதயம் தளர்ந்து வரும் மூச்சிரைப்பு அல்ல, மருந்தால் வருவது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு வரும், பெரும்பாலும் லேசானது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. டிகாக்ரெலாரின் பிடி நிரந்தரமல்ல. ஓரிரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். இதை விளக்கிச் சொன்னதும் அவர் தொடர்ந்தார். சில வாரங்களில் அந்த மூச்சும் அடங்கியது.

பிறகு வந்த மரபணு முடிவு *2/*2. அன்றைய சிகிச்சையை அது மாற்றவில்லை. இனி வருவதை மாற்றியது. சில மாதம் கழித்து, செலவுக்காகவோ ரத்தக்கசிவுப் பயத்தாலோ பலரைக் குளோபிடோகிரெலுக்கு இறக்குவோம். இவரை அப்படி இறக்க முடியாது என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தோம்.

அதற்காக எல்லோருக்கும் இந்தச் சோதனை எழுத நான் துணிவதில்லை. 2020-இல் வெளிவந்த டெய்லர்-பிசிஐ ஆய்வில், மரபணு பார்த்து மருந்து கொடுத்தபோது பாதிப்பு 5.9 சதவீதத்திலிருந்து 4.0 ஆனது; அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. வலிமையான மருந்து அதிக ரத்தக்கசிவையும் கொண்டுவரும். மாரடைப்பு இல்லாமல் திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்துக்கொள்ளும் பெரும்பாலோருக்குக் குளோபிடோகிரெல் இன்றும் போதும்.

"எனக்கும் இது இருக்குமா சார்?" என்று மகள் கேட்டார். அம்மாவிடம் இருப்பவை இரண்டுமே *2 என்பதால் ஒன்றாவது அவரிடம் நிச்சயம் இருக்கும். அதற்கு இப்போது வைத்தியம் எதுவும் தேவையில்லை. இதயத்துக்கோ மூளைக்கோ அவருக்கு என்றாவது குளோபிடோகிரெல் எழுதினால், அம்மாவின் இந்த ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லி ஒரு நகல் கொடுத்தனுப்பினேன்.