‘மாஸ்டர்பீஸ்’ என்று எழுதினால் என்ன வரும்

சிறுகதைகளுக்குப் படம் செய்து கொடுக்கிற வேலையில் இப்போது ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரியான மாடல்களும் எனக்குக் கருவிகளாகிவிட்டன. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களின் ப்ராம்ப்ட்டைப் பார்த்தால், முதல் வரி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். மாஸ்டர்பீஸ், பெஸ்ட் குவாலிட்டி, 8கே, அல்ட்ரா டீடெய்ல்டு, ஷார்ப் ஃபோகஸ், அவார்டு வின்னிங், டிரெண்டிங் ஆன் ஆர்ட்ஸ்டேஷன். கதை எதுவானாலும் இந்த வரி மாறாது. கதை அதற்கப்புறம்தான், அதுவும் நாலு வார்த்தையில்.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2021-இல் விகியூகேன், கிளிப் என்ற இரண்டையும் சேர்த்துப் படம் செய்தபோது, கிளிப் ஒவ்வொரு நிலையிலும் படத்தை வாசகத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். மதிப்பெண் ஏறுகிற திசையில் படம் இழுக்கப்படும். அப்போது வந்ததெல்லாம் குழம்பிய வண்ணக் கலவைகள். அங்கே ‘அன்ரியல் என்ஜின்’ என்று ஒரு சொல் சேர்த்தால் படம் கண்ணுக்குத் தெரியும்படி தெளிந்தது. 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளிவந்தபோது அந்தச் சொற்களும் கூடவே வந்து சேர்ந்தன. எந்திரம் மாறியது, வசனம் மாறவில்லை.

மாடலுக்கு ‘நல்ல படம்’ என்று தனியாக ஓர் எண்ணம் கிடையாது. எந்தச் சொல் எந்த மாதிரிப் படத்தின் அருகில் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் அது கற்றது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் வரிசை மாடல்கள் லயான் என்ற தொகுப்பில் பழகியவை. இணையப் பக்கங்களில் படத்தோடு இருந்த மாற்று வாசகங்களைத் திரட்டிச் செய்த தொகுப்பு அது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு படத்துக்குக் கீழே ‘8கே’ என்று யார் எழுதுவார்கள்? வால்பேப்பர் விற்கிறவர் எழுதுவார், முப்பரிமாண ரெண்டர் போடுகிறவர் எழுதுவார். தெருவில் நின்று படமெடுக்கும் செய்திப் புகைப்படக்காரர் எழுதமாட்டார். ஆளின் பெயர், ஊர், என்ன நடந்தது என்றுதான் எழுதுவார். ‘மாஸ்டர்பீஸ்’ என்ற சொல் அருங்காட்சியக ஓவியங்களின் பக்கத்தில் நிற்கும். ஆகவே 8கே என்று எழுதினால் கூர்மை கூடாது. வால்பேப்பரின் வாசனை வரும். நிறங்கள் தூக்கலாகும், விளிம்புகள் வெட்டினாற்போல் நிற்கும், தோல் பிளாஸ்டிக் ஆகும். அதையே `(masterpiece:1.4)` என்று எடை கூட்டிக் கொடுத்தால் இந்த மினுக்கம் இன்னும் ஏறும், படம் தீய்ந்ததுபோல் ஆகிவிடும்.

படத்தின் அளவு வாசகத்தில் இல்லை. 8கே என்பது 7680-க்கு 4320, அதாவது மூன்று கோடியே முப்பத்தொரு லட்சம் பிக்சல். எஸ்டிஎக்ஸ்எல் மாடல் வழக்கமாகத் தருவது 1024-க்கு 1024, பத்து லட்சத்துச் சொச்சம். அகலம், உயரம் என்ற பெட்டிகளில் நீங்கள் போடும் எண்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. எஸ்டிஎக்ஸ்எல்லைப் பயிற்றுவித்தபோது மூலப்படத்தின் அளவை மாடலுக்கு எண்ணாகவே தனி வழியில் கொடுத்தார்கள். அந்த வழி இருக்கும்போது, ப்ராம்ப்ட்டில் 8கே என்பது வெறும் அலங்காரச் சொல்.

இதைச் சொன்னால் வருகிற பதில் தெரிந்ததுதான்: “இல்லை சார், போட்டுப் பார்த்தேன், நல்லா வந்துச்சு.” வந்திருக்கும். ப்ராம்ப்ட்டில் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும், சீடு எண் அதேதான் என்றாலும், படம் கொஞ்சம் நகரும். ஒரு கை இடம் மாறும், வெளிச்சம் சாயும். அந்த நகர்வு நமக்குப் பிடித்துவிட்டால் சொல்லுக்குப் பெயர் கிடைக்கிறது. இதைப் பிரித்தறிய நான் செய்கிற சோதனை எளிது. ஆட்டோமேட்டிக்1111 இடைமுகத்தில் எக்ஸ்-ஒய்-இசட் பிளாட் என்ற ஸ்கிரிப்ட்டில் `Prompt S/R` என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு வரிசையாகப் படம் தரும். அதில் இப்படிக் கொடுக்கிறேன்:

```
masterpiece,Tuesday
```

செவ்வாய்க்கிழமைக்கும் படத்தின் தரத்துக்கும் எந்த உறவும் இல்லை. பல சீடு எண்களில் இரண்டையும் அருகருகே வைத்து, எது எது என்று தெரியாமல் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ‘மாஸ்டர்பீஸ்’ தரத்தைக் கூட்டுவது உண்மையென்றால் தேர்வு அதன் பக்கம் தெளிவாகச் சாய வேண்டும். ஓவிய மினுக்கம் பிடித்தவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர் தேர்ந்தெடுப்பது ஒரு பாணியை, தரத்தை அல்ல.

இந்தப் புகழ்ச் சொற்கள் இலவசமாகவும் வருவதில்லை. கிளிப்பின் வாசக உறுப்பு ஒரே தடவையில் வாங்குவது 77 டோக்கன். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று போக நமக்கு 75. காற்புள்ளியும் ஒரு டோக்கன்தான்; ‘8கே’ என்பதே இரண்டு. மேலே சொன்ன ஏழு புகழ்ச் சொற்களும் காற்புள்ளிகளுமாகச் சேர்ந்து கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். 75-ஐத் தாண்டினால் சில மென்பொருள்கள் மிச்சத்தை வெட்டி எறியும், சில அடுத்த துண்டாகப் பிரித்து அனுப்பும். எப்படியானாலும் முதல் இடத்தில் புகழ்ச்சி உட்கார்ந்துகொள்ள, கதைக்கு வேண்டிய பொருள் வாலுக்குப் போகிறது. தையற்காரரிடம் அளவு கொடுக்காமல் “நல்லா தைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது போன்றது இது. அவருக்குப் பழக்கமான சட்டையைத் தைத்துத் தருவார்.

ஒரு கதைக்கு சைக்கிள் கடைக்காரர் படம் தேவைப்பட்டது என்று வையுங்கள். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிறார். கதையின் மையமே அந்தப் பார்வைதான். வழக்கமான ப்ராம்ப்ட் இப்படி இருக்கும்:

```
masterpiece, best quality, 8k, ultra detailed,
award winning photo, old Indian man repairing bicycle
```

எஸ்டிஎக்ஸ்எல்லில் இதற்கு வருகிற ஆளை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நரைத்த தாடி, தலைப்பாகை, முகமெல்லாம் ஆழமான சுருக்கம், பின்னால் தங்க வெளிச்சம், மங்கிய பின்னணி. சுற்றுலா விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவர். கை சக்கரத்தின் மேல் சும்மா இருக்கும். டியூபும் இல்லை, தண்ணீரும் இல்லை. நாம் சொல்லவில்லை, அதனால் மாடல் தனக்குப் பழகிய சராசரியை வைத்து நிரப்பிவிட்டது. ‘ஓல்ட்’, ‘இந்தியன்’, ‘விருது பெற்ற படம்’ மூன்றும் சேர்ந்தால் அந்தச் சராசரி இதுதான்.

அந்த டோக்கன்களை வேறு விதமாகச் செலவழிக்கலாம்:

```
photo of a thin Tamil man in his sixties squatting,
pushing a bicycle inner tube into a basin of water,
looking down at the bubbles, checked lungi,
faded half-sleeve shirt, hard noon sunlight from the left,
tarpaulin shade behind him, eye level, medium close-up
```

நெகட்டிவ் பெட்டியில் `beard, turban`. இதை மேலே ‘நோ பியர்டு’ என்று எழுதக் கூடாது. கிளிப்புக்கு மறுப்பு சரியாகப் பிடிபடாது, தாடி என்ற சொல்லைக் கண்டதும் தாடியை வரைந்துவிடும்.

இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் படத்தில் விரல் வைத்துக் காட்டும்படி ஓர் இடம் இருக்கிறது. குத்த வைத்து உட்கார்ந்திருப்பது உடலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ‘இடப்பக்கத்திலிருந்து கடும் வெயில்’ என்பதுதான் எனக்கு அதிகம் பலன் தந்த செலவு. கூர்மை என்று நம் கண் நினைப்பதில் பெரும்பங்கு நிழலின் விளிம்புதான். மேகமூட்டத்தில் எடுத்த படத்துக்கு எத்தனை ‘ஷார்ப்’ போட்டாலும் அந்த விளிம்பு வராது. வெயில் என்று எழுதினால் தானாக வரும். தார்ப்பாய் நிழல் என்றதால் பின்னணி இருண்டு, முகமும் சட்டையும் துலங்குகின்றன. ‘கண் மட்டம்’ என்பது அவரைக் குனிந்து பார்க்காமல் எதிரே உட்கார்ந்து பார்க்க வைக்கிறது. கதையும் அவரை அப்படித்தான் பார்க்கிறது.

‘மீடியம் க்ளோஸ்-அப்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகம் கோணலாக வருகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் `highly detailed face` என்று சேர்க்கிறார்கள். கோணலுக்குக் காரணம் வேறு. இந்த மாடல்கள் பிக்சலில் வரைவதில்லை. பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய உள்வடிவத்தில் வரைந்து, கடைசியில் விரிக்கின்றன. முழுத் தெருவும் தெரிகிற படத்தில் முகம் 64 பிக்சல் அகலம் என்றால், மாடலின் கையில் அந்த முகத்துக்கு இருப்பது எட்டுக்கு எட்டு கட்டங்கள். அதில் இரண்டு கண், மூக்கு, வாய், ஒரு பார்வை எல்லாம் அடங்க வேண்டும். எந்தப் புகழ்ச் சொல்லும் கட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டாது. கிட்டே போகச் சொன்னால் கூடும். முகம் 320 பிக்சலானால் கட்டங்கள் நாற்பதுக்கு நாற்பது. தெரு கட்டாயம் வேண்டுமென்றால், முழுப்படத்தை முதலில் எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் மறைத்து `Only masked` தேர்வில் இன்பெயின்ட் செய்வேன். அந்தத் துண்டை மாடல் பெரிதாக்கி வரைந்து திரும்ப ஒட்டும்.

தூரத்தை மீட்டரில் சொல்வது பயன்படாது. படக்குறிப்புகளில் யாரும் மீட்டர் எழுதுவதில்லை. 85எம்எம், எஃப்1.8 என்பவையும் ஒளியியல் கணக்காக வேலை செய்வதில்லை. போர்ட்ரெய்ட் படங்களின் மங்கிய பின்னணியைக் கொண்டுவரும், அவ்வளவுதான். அது வேண்டும் என்றால் எழுதுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அனிமே பாணி மாடல்களில் சில, பயிற்சியின்போதே படங்களுக்குத் தரக்குறி ஒட்டப்பட்டவை. அனிமாஜின் எக்ஸ்எல்லில் `masterpiece`, போனி டிஃப்யூஷன் ஆறாம் பதிப்பில் `score_9` அப்படிப்பட்டவை. அங்கே அந்தச் சொல்லுக்கு உண்மையான வேலை இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். எந்தச் சொல் என்பது அந்த மாடலின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கும். ஒரு மாடலின் குறியை இன்னொன்றில் போடுவதுதான் வீண். 2024-இல் வந்த ஃப்ளக்ஸில் நிலைமை நேர் எதிர். டி5 என்ற பெரிய வாசக உறுப்பு இருப்பதால் இடநெருக்கடி இல்லை, முழு வாக்கியமாக எழுதலாம். அங்கே 8கே என்று எழுதுவதால் இடம் போகாது. படம் இன்னும் கொஞ்சம் விளம்பரமாகும்.

சைக்கிள் கடைப் படத்தில் டியூப்தான் கடைசிவரை தகராறு. பெரும்பாலான சீடுகளில் அது தோட்டத்துக் குழாயாகவோ முழு டயராகவோ வருகிறது. மாடல் பார்த்த படங்களில் டயர் ஏராளம், தனி டியூப் அபூர்வம். இதற்கு வார்த்தை போதாது. கருப்புத் தூரிகையால் டியூபின் வளைவைத் தோராயமாக வரைந்து, அந்த இடத்தை மட்டும் மறைத்து, டீநாய்சிங் 0.5 அளவில் மறுபடி ஓட்டினால் ரப்பராக மாறிவிடுகிறது. அச்சுக்கு 832-க்கு 1216 அளவுப் படம் 300 டிபிஐயில் மூன்று அங்குல அகலம்கூட வராது. அதனால் எல்லாம் முடிந்தபின் ஓர் அப்ஸ்கேலரில் மூன்று மடங்காக்கி அனுப்புகிறேன். 8கே என்று எழுதுகிறவர்கள் தேடுவது உண்மையில் இந்தக் கடைசிப் படியைத்தான்.